ஒரே மிக்ஸி வீடியோ, மூன்று விதமான தொடக்கம்: முதல் மூன்று நொடியில் நீங்கள் கண்டது என்ன?

ஈரோடு_மிக்ஸிக்கடை

மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்வதையே ஒரு நிமிடத்துக்குள் அடக்கி யூடியூப் ஷார்ட்ஸில் போட்டு வருகிறேன். ஒரே விஷயத்தை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். அதைச் சொல்கிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். ஜாரின் அடியில் கத்தியைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டால் தண்ணீர் அடிவழியாகக் கசியும். அது நேராக மோட்டாருக்குள் இறங்கும். பலர் மோட்டார் எரிந்த பிறகுதான் கடைக்கு வருகிறார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்வது சுலபம். ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு செய்தித்தாள் மேல் பத்து நிமிடம் வையுங்கள். தாளில் ஈர வட்டம் விழுந்தால் புஷ் போய்விட்டது.

முதல் வீடியோவில் கடை வாசலில் நின்று, "வணக்கம், இன்னைக்கு நாம மிக்ஸி ஜார் அடியில தண்ணி கசிஞ்சா என்ன பண்ணணும்னு பார்க்கப்போறோம்" என்றேன். அதைச் சொல்லி முடிக்கவே ஏழு நொடி. யூடியூப் ஸ்டுடியோவில் Viewed vs. swiped away என்ற இடத்தைப் பார்த்தால், நூறில் 41 பேர்தான் தள்ளிவிடாமல் நின்றிருந்தார்கள். இரண்டாவதில் வணக்கத்தை எடுத்துவிட்டு, "ஜார் அடியில தண்ணி கசியுதா?" என்று கேட்டேன். முகமும் இடமும் அதேதான். 52 ஆனது.

மூன்றாவதில் என் முகமே இல்லை. செய்தித்தாள் மேல் இருந்த ஜாரை ஒரு கை தூக்குகிறது, அடியில் கருப்பாக ஈர வட்டம். "இந்தத் தண்ணிதான் உங்க மோட்டாருக்குள்ள போகுது" என்று குரல் மட்டும் வரும். 69 பேர் நின்றார்கள். ஆனால் எத்தனை பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு எட்டாவது நொடியில் சடாரென்று கீழே விழுந்தது. அந்த இடத்தில்தான் கடைப் பெயரையும் விலாசத்தையும் சொல்லியிருந்தேன்.

எடிட்டிங்_மேசை

பல வருடங்களாக மற்றவர்களின் வீடியோக்களை வெட்டிக் கொடுக்கிறேன். உங்கள் மூன்று தொடக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் மொழியில் பேசுபவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் தெரிகிறது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "மிக்ஸி ஜார் அடியில தண்ணி கசிஞ்சா என்ன பண்ணணும்னு பார்க்கப்போறோம்" என்பதில் "பார்க்கப்போறோம்" வரும் வரைக்கும் கேட்பவர் காத்திருக்க வேண்டும். கட்டைவிரல் காத்திருக்காது. அதனால் முதல் வாக்கியம் நான்கைந்து சொல்லுக்குள் வினையோடு முடிய வேண்டும். "ஜார் ஒழுகுது." அவ்வளவுதான். காரணமும் நிபந்தனையும் அடுத்த வாக்கியத்துக்குப் போகட்டும். நான் ஸ்கிரிப்ட் வாங்கியதும் முதலில் செய்யும் வேலையே, முதல் வாக்கியத்தை இரண்டாக உடைப்பதுதான்.

இரண்டாவது, படம். விரலால் மேலே தள்ளும்போது அடுத்த வீடியோ கீழிருந்து ஏறி வருகிறது. ஆக, அதன் மேல்பகுதிதான் முதலில் கண்ணில் படும். கீழே தலைப்பும் சேனல் பெயரும் மறைக்கும், வலப்பக்கம் லைக், ஷேர் பொத்தான்கள் மறைக்கும். ஈர வட்டம் கீழ்ப்பாதியில் இருந்தால் பாதி உழைப்பு வீண். அதை நடுவுக்கும் சற்று மேலே கொண்டுவாருங்கள்.

மூன்றாவதாக ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் கிளிப்பின் தொடக்கத்தில் ஒலி அலையைப் பெரிதாக்கினால், பேச்சுக்கு முன் ஒரு சின்ன மேடு இருக்கும். மூச்சு இழுக்கும் சத்தம். அதற்கு முன் ரெக்கார்ட் பொத்தானை அழுத்திய கை விலகும் ஆட்டமும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அரை நொடியைத் தாண்டும். முதல் எழுத்தின் ஒலி எழும் இடத்துக்கு ஒட்டி வெட்டுங்கள். முதல் பிரேமில் கை ஏற்கெனவே ஜாரைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும், தூக்கப் போகக் கூடாது.

வேகம்_முக்கியம்

நான் ஒன்றே ஒன்று சொல்வேன்: வேகம். அரை நொடிக்கு ஒரு கட், முதல் கட்டிலேயே ஜூம், கூடவே ஒரு 'வூஷ்' சத்தம். மூன்று நொடி பார்த்தால்தான் ஒரு வியூ என்று கணக்கு. அதனால் மூன்று நொடி எப்படியாவது பிடித்து வைத்தால் போதும். 2025 கோடையிலிருந்து என் எல்லா ஷார்ட்ஸிலும் இப்படித்தான் செய்கிறேன். வியூஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

எடிட்டிங்_மேசை

தம்பி, அந்த இரண்டு மடங்கை முழுசாக ஜூமுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் கணக்கு மாறிவிட்டது. வீடியோ ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், ஒரு வியூ. இத்தனை நொடி பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மூன்று நொடிக் கணக்கு ஃபேஸ்புக் வீடியோவில் பழகியது, அது இங்கே பொருந்தாது. பழைய கணக்கு உங்கள் ஸ்டுடியோவில் Engaged views என்ற பெயரில் இருக்கிறது. மாற்றத்துக்கு முன்பு எடுத்ததையும் பின்பு எடுத்ததையும் அந்த எண்ணை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேகம் பற்றிச் சொன்னதில் பாதி சரி. ஒரே முகம் பேசிக்கொண்டே இருக்கும் வீடியோவில் முதல் நொடியில் ஒரு ஜூம் உதவும். ஆனால் ஈர வட்டம் போன்ற சின்ன விஷயம் கண்ணில் பதிய, ஒரு நொடியாவது படம் அசையாமல் இருக்க வேண்டும். அங்கே கட் வைத்தால் காட்ட வந்ததே தெரியாது.

கோயில்_சுற்றுலா

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். கோயில் வீடியோ, 14 நிமிடம். தம்ப்நெயிலில் கோபுரத்துக்குப் பதிலாகச் சிற்பத்தின் முகத்தை மட்டும் பெரிதாக வைத்தேன், கிளிக் கூடியது. மிக்ஸிக்கடை அண்ணன் ஈர வட்டத்தைத் தம்ப்நெயிலில் வைத்துப் பார்த்தாரா?

ஈரோடு_மிக்ஸிக்கடை

ஷார்ட்ஸைத் தள்ளிக்கொண்டே பார்ப்பவர் தம்ப்நெயிலைப் பார்ப்பதே இல்லைங்க. சேனல் பக்கத்துக்கு வந்தாலோ தேடினாலோதான் அது தெரியும். உங்களுடையது நீளமான வீடியோ, அங்கே ஆள் கிளிக் செய்து உள்ளே வருகிறார். எங்களுக்கு வீடியோ தானாகவே முன்னால் வந்து நிற்கிறது. இரண்டும் வேறு.

புள்ளிக்கோலம்

என்னுடையது பேச்சே இல்லாத வீடியோ. முதலில் வெறும் புள்ளிகளோடு தொடங்குவேன். மக்கள் போய்விடுவார்கள். சரி, முடிந்த கோலத்தை முதலில் காட்டலாம் என்று மாற்றினேன். நிற்பவர்கள் கூடினார்கள், ஆனால் நடுவில் நழுவினார்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, அப்புறம் எதற்கு இருக்க வேண்டும்?

இப்போது செய்வது இது: கோலம் முக்கால்வாசி முடிந்திருக்கும், ஒரு மூலை மட்டும் திறந்திருக்கும். கை அந்த மூலையை நோக்கிக் கோட்டை இழுத்துக்கொண்டு வருகிறது. கோடு சேரப்போகும் நேரத்தில் வெட்டி, புள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கடைசியில் அந்தக் கோடு சேர்கிறது, அங்கேயே வீடியோ முடிந்து மறுபடி முதலுக்குப் போகிறது. சிக்குக் கோலத்துக்கு இது மிக நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் கோடு எங்கே போய்ச் சேரும் என்று கண் தேடும். வண்ணம் நிரப்பும் ரங்கோலியில் அவ்வளவு பயன் இல்லை. ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டுப்பட்டி

நான் பட்ட ஒரு பாடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "இந்த இலையைக் கொடுத்தால் ஆடு செத்துப்போகும்" என்று ஒரு வீடியோ தொடங்கினேன். இலையை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தேன். நின்றவர்கள் எண்ணிக்கை என் சேனலிலேயே அதிகம், நூறில் 78. ஆனால் இலை மரவள்ளி என்று 40வது நொடியில்தான் சொன்னேன். ஐந்தாவது நொடியிலிருந்தே கோடு சரிந்துகொண்டே போனது. கமெண்டில், "இது அகத்தியா? நாங்கள் தினமும் கொடுக்கிறோமே" என்று ஒரு அம்மா பயந்துபோய்க் கேட்டிருந்தார்கள். அவர்கள் முழுக்கப் பார்க்கவில்லை. நல்ல தீவனத்தை நிறுத்தும்படி நான் செய்துவிட்டேன் என்று தோன்றியது. அந்த வீடியோவை எடுத்துவிட்டேன்.

திரும்ப எடுத்தபோது முதல் நொடியிலேயே இலையை விரித்துக் காட்டி, "மரவள்ளி இலை. பச்சையா கொடுக்காதீங்க" என்றேன். எந்த இலை என்பதை மறைக்கவில்லை. பச்சையாக ஏன் ஆகாது, எப்படிக் கொடுக்கலாம் என்பதுதான் மிச்சம். பச்சை இலையில் சயனைடு நச்சு உருவாகும், நன்றாக வெயிலில் காயவைத்தால் அது பெருமளவு குறையும். நின்றவர்கள் 64 ஆகக் குறைந்தார்கள். ஆனால் கடைசிவரை பார்த்தவர்கள் முன்பைவிட அதிகம். மூன்று நொடியோடு ஒருவர் போய்விட்டாலும் அவர் கையில் சரியான செய்தி இருக்கிறது, எனக்கு அது பெரிய நிம்மதி.

எடிட்டிங்_மேசை

ஆட்டுப்பட்டி சொன்னதை என் வாடிக்கையாளர்களுக்கு இனி அப்படியே சொல்லப் போகிறேன். எதை மறைப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "எது" என்பதை மறைத்தால் பார்ப்பவருக்கு எரிச்சல் வருகிறது. "எப்படி", "ஏன்" என்பதை மிச்சம் வைத்தால் இருந்து பார்க்கிறார்கள். மிக்ஸி வீடியோவில் ஈர வட்டம் "எது", புஷ் தேய்ந்தது "ஏன்".

பழைய_நண்பர்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நான் பத்து வருடமாகச் சித்திரத் தையல் சொல்லித் தருகிறேன். "வணக்கம்" சொல்லாமல் ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். பழைய ஆட்களே "என்ன டீச்சர், கோபமா?" என்று கேட்டார்கள். எண்ணும் பெரிதாக மாறவில்லை. என் குரலைக் கேட்டு நிற்பவர்களுக்கு வணக்கம்தான் அடையாளம்.

எடிட்டிங்_மேசை

டீச்சர், உங்கள் வீடியோவை அதிகம் பார்ப்பது ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களாக இருக்கலாம். இன்ஸ்டாகிராமில் Trial reels என்று ஒன்று இருக்கிறது, பின்தொடராதவர்களுக்கு மட்டும் முதலில் காட்டும். வணக்கத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என அங்கே போட்டுப் பார்த்தால் தெரியும். தெரியாதவர்களிடமும் வணக்கம் நிற்கிறது என்றால் நான் சொன்னது தவறு.

ஈரோடு_மிக்ஸிக்கடை

நான்காவதாக ஒன்று வெட்டினேன். "ஜார் ஒழுகுது" என்று தொடக்கம், வட்டம் மேல்பாதியில், மூச்சுச் சத்தம் நீக்கம். எட்டாவது நொடியில் கடைப் பெயருக்குப் பதில் தேய்ந்த புஷ்ஷையும் புது புஷ்ஷையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பெயர் வீடியோவின் கடைசியில். இரண்டு வாரம் ஆகிறது. நின்றவர்கள் 67, அதாவது மூன்றாவதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் 48 நொடி வீடியோவில் சராசரியாகப் பார்த்த நேரம் 19 நொடியிலிருந்து 31 நொடியாகியிருக்கிறது. அந்த 69க்கும் 67க்கும் நடுவில் இருப்பது தொடக்கத்தின் குறையா, இல்லை யாருக்குக் காட்டியது என்பதன் வித்தியாசமா என்று எனக்குப் பிடிபடவில்லை. நாளைக்கு கிரைண்டர் கல் சத்தம் போடுவதை எடுக்கிறேன். அதில் சத்தத்தை முதலில் வைப்பதா, கல்லை முதலில் காட்டுவதா?

புள்ளிக்கோலம்

சத்தத்தை வையுங்கள். என் வீட்டு கிரைண்டரும் அப்படித்தான் கத்துகிறது, கேட்ட உடனே நிற்பேன். ஆனால் போனை சைலண்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்காகக் கல் ஆடுவதும் அதே பிரேமில் தெரியட்டும்.