போர் மோட்டார்: "இதையும் அதையும் ஒப்பிட்டுச் சொல்லுங்க", அந்த "அது" எது?

திருமங்கலம் வீட்டுக்காரர்: புது வீட்டு போருக்கு 1 எச்பி, 10 ஸ்டேஜ், ஆயில் மோட்டார் பார்த்து வச்சிருக்கேன். போர் 300 அடி. இதுக்கும் அதுக்கும் எது நல்லதுன்னு ஒப்பிட்டுச் சொல்லுங்கண்ணே.

மேலூர் பம்ப் மெக்கானிக்: இன்னொன்னு எதுன்னு சொல்லலையே தம்பி. அதே கம்பெனியில 15 ஸ்டேஜா? வேற கம்பெனி 10 ஸ்டேஜா? இல்ல, ஆயிலுக்குப் பதிலா உள்ள தண்ணி நிரப்புற மோட்டாரா? மூணுக்கும் பதில் வேற வேற. முதல்லது எவ்வளவு உயரத்துக்கு ஏத்துங்கிற கேள்வி. மூணாவதுல, உங்க ஆயில் மோட்டார்ல சீல் போனா ஆயில் குடிதண்ணில கலக்குமேங்கிற கேள்வி வந்துரும்.

உசிலம்பட்டி விவசாயி: இதுல என்ன யோசனை? ஸ்டேஜ் கூட இருக்கிறதை வாங்குங்க. கண்ணை மூடிக்கிட்டு 15 எடுக்கலாம்.

மேலூர் பம்ப் மெக்கானிக்: உயரத்துக்கு ஏத்தும், அதுவரைக்கும் சரிண்ணே. ஆனா எச்பி அதேதான், அதனால உயரம் கூடுனா தண்ணி அளவு குறையும். ஆழமில்லாத போர்ல அந்த உயரம் தேவையே இல்ல, தண்ணிதான் கம்மியா வரும்.

தம்பி கணக்கைப் பாருங்க. ஓடும்போது தண்ணி 150 அடில நிக்குதுன்னு வச்சுக்குவோம். தரையிலிருந்து மாடி டேங்க் 30 அடி, பைப் உரசலுக்கு 10 அடி. ஆக 190 அடி, ஏறக்குறைய 58 மீட்டர். போர் 300 அடிங்கிறது இந்தக் கணக்குல வராது. அட்டைப்பெட்டில "அதிகபட்ச ஹெட் 60 மீட்டர்"னு போட்டிருந்தா, அந்த உயரத்துல தண்ணியே வராதுன்னு அர்த்தம். அப்போ 58 மீட்டர்ல சொட்டும், அவ்வளவுதான். தண்ணி ஓட்டம் இல்லாம மோட்டாரும் சூடாகும். ரெண்டு மோட்டாரோட சார்ட்லயும் 58 மீட்டருக்கு நேரா நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு பார்க்கணும். ஒரு சார்ட் மட்டும் இருந்தா இது போதுமா போதாதான்னு சொல்லலாம். எது மேல்னு சொல்ல முடியாது.

வாடிப்பட்டி அக்கா: எங்க வீட்டு மோட்டார் ஸ்விட்ச் போட்டா உர்ருன்னு சத்தம் மட்டும் வருது, தண்ணி வரல. அதையும் மாத்தணுமா?

மேலூர் பம்ப் மெக்கானிக்: அது வேற விஷயம்க்கா. முதல்ல பேனல் பெட்டில கெப்பாசிட்டரை மாத்திப் பாருங்க, வோல்டேஜையும் பாருங்க. அதுக்கும் சரியாகலைன்னா பம்ப் மண்ணுல இறுகியிருக்கலாம்.

உசிலம்பட்டி விவசாயி: தம்பி அதே கம்பெனி 15 ஸ்டேஜைத்தான் கேட்டிருப்பார். கடையில அதைத்தான் பக்கத்துல வைப்பாங்க.

மேலூர் பம்ப் மெக்கானிக்: இருக்கலாம்ணே. ஊகம் தப்பாப் போச்சுன்னா, மாட்டுன மோட்டாரை ஆளு வச்சு வெளிய எடுக்கணும். அந்தச் செலவு யாரு தலையில?

திருமங்கலம் வீட்டுக்காரர்: மன்னிச்சுக்கங்க, அந்த இன்னொன்னு பேரு தெரியல. கடைக்காரர் காட்டுனார், நீலக் கலர்ல இருந்துச்சு.

மேலூர் பம்ப் மெக்கானிக்: நீலம் பேனல் பெட்டியோட கலரா இருக்கும். கடைக்குப் போய் மோட்டார் தகட்டைப் போட்டோ எடுங்க. எச்பி, ஸ்டேஜ், ஹெட் எங்க இருந்து எங்க வரைக்கும், தண்ணி அளவு, பைப் சைஸ், எல்லாம் தெரியணும். மோட்டார் ஓடும்போது தண்ணி மட்டம் எவ்வளவுன்னு போர் போட்டவர்கிட்ட கேட்டுட்டு வாங்க. என் 150 வெறும் உதாரணம்தான்.