நண்பனின் காதல் செய்தியைத் திருத்த உதவி வேண்டும், இன்றே அனுப்ப வேண்டுமாம்

சிறுவாணி_தண்ணீர்: அவசரம். நண்பன் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறான். ஒரு பெண்ணுக்கு இதை எழுதியிருக்கிறான். இயல்பாக இருக்க வேண்டும், ஆனால் நான் எழுதியது போலத் தெரியக்கூடாது.

“எனக்கு நீ மிகவும் பிடிக்கும். உன்னிலிருந்து பேசும்போது என் நாள் இனிப்பு ஆகிறது. உன் இல்லாமல் கோயம்புத்தூரில் என் மனம் ஒட்டுவதில்லை. நாங்கள் இரண்டு பேர் ஒரு வீடு வேண்டும். நீ சொல், நான் காத்திருப்பேன்.”

மலர்விழி: அவர் தாய்மொழி என்ன? அந்தப் பெண்ணுக்குத் தமிழ்தானே? நேரில் நீ என்கிறாரா, நீங்க என்கிறாரா?

பழைய_பேனா: இங்கே பல முறை சொல்லியாகிவிட்டது, யாரும் படிப்பதில்லை. ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்று தொடங்கி நல்ல தமிழில் புதிதாக எழுதச் சொல்லுங்கள். இது திருத்தும் நிலையில் இல்லை.

கொடைரோடு: நேசிக்கிறேன் என்று இப்போது யார் சொல்கிறார்கள்? முழுவதையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றுங்கள். ‘உன்ன ரொம்பப் பிடிச்சிருக்கு, நீ இல்லாம எனக்கு இங்க ஓடவே மாட்டேங்குது.’ அவ்வளவுதான்.

வாசல்_திண்ணை: என் கணவர் மலையாளி. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு எழுதிய கடிதத்தில் வரிக்கு வரி பிழை. இன்னும் பீரோவில் இருக்கிறது. ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள்.

சிறுவாணி_தண்ணீர்: மன்னிக்கவும், சொல்ல விட்டுவிட்டேன். அவனுக்கு இந்தி. மாலை வகுப்பில் புத்தகத் தமிழ் படித்தான். அவளுக்குத் தமிழ், அலுவலகத்தில் வேறு குழு. பேசுவது பாதி இந்தி, பாதி தமிழ். நீ என்றுதான்.

மலர்விழி: இந்தி என்றதும் பாதி விளங்கிவிட்டது. நான் பிழைகளை இரண்டாகப் பிரிப்பேன். படிப்பவருக்குப் பொருள் மாறினாலோ, வேற்றுமை உருபு தடுக்கினாலோ திருத்தலாம். ‘புரிகிறது, ஆனால் நாங்கள் இப்படிச் சொல்வதில்லை’ என்று மட்டும் தோன்றினால் விட்டுவிட வேண்டும். அவருடைய குரல் அங்கேதான் இருக்கிறது.

இதில் கட்டாயம் மாற்ற வேண்டியது ‘நாங்கள்’. அவளிடம் நாங்கள் என்றால் அவள் அதில் இல்லை, அவரும் வேறு யாரோ ஒருவரும் என்று ஆகிவிடும். இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றுதான், அதனால் அவருக்கு இது தோன்றியிருக்காது. ‘நமக்கு’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

‘உன்னிலிருந்து’ என்பது இந்தியில் ‘இருந்து’, ‘ஓடு’ இரண்டுக்கும் வரும் ‘சே’. ‘உன்னோடு’ என்றால் போதும். ‘எனக்கு நீ’, ‘உன் இல்லாமல்’ இரண்டும் அங்கிருந்து அப்படியே வந்தவை. ‘எனக்கு உன்னை’, ‘நீ இல்லாமல்’.

‘மனம் ஒட்டுவதில்லை’ என்பதைத் தொடாதீர்கள். இந்தியில் மனம் ‘லக்னா’ என்பார்கள், அதைத்தான் கொண்டுவந்திருக்கிறார். தமிழில் வழக்கமில்லை, ஆனால் படித்ததும் விளங்குகிறது. ‘நாள் இனிப்பு ஆகிறது’ என்பதும் அப்படித்தான், ‘இனிப்பாகிறது’ என்று சேர்த்து எழுதினால் போதும்.

கொடைரோடு: அப்போ பேச்சுத் தமிழ் வேண்டாமா? செய்தியில் யாரும் ‘பேசும்போது ஆகிறது’ என்று எழுத மாட்டார்கள்.

மலர்விழி: நாம் எழுத மாட்டோம். அவர் எழுதுவார். வகுப்பில் அதைத்தானே கற்றார்? தினமும் பேசிப் பழகியவள் திடீரென்று ‘ஓடவே மாட்டேங்குது’ என்று படித்தால் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பாதிப் பேச்சு, பாதி எழுத்து என்று கலந்தால் இன்னும் மோசம்.

பழைய_பேனா: பிழையைக் குரல் என்று சொல்லிக் கொண்டாடினால் அவர் எப்போது தமிழ் கற்பார்? மிகவும் என்பதற்குப் பின் பிடிக்கும் என்றால் ஒற்று வேண்டுமா, வேண்டாமா என்றாவது சொல்லிக் கொடுங்கள்.

வாசல்_திண்ணை: வேண்டாம் ஐயா, அங்கே ஒற்று வராது. ‘ரொம்பப் பிடிக்கும்’ என்றால்தான் வரும்.

கொடைரோடு: கடைசி வரி உத்தரவு போடுவது போல இல்லையா? ‘நீ சொல்.’

மலர்விழி: கொஞ்சம் விறைப்புதான். ‘யோசித்துச் சொல்’ என்றால் தணியும். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி வீடு. கல்யாணத்தைச் சொல்கிறாரா, சேர்ந்து வாழ்வதையா? அவளுக்கு இரண்டும் ஒன்றாக இருக்காது. அதை நாம் ஊகித்து எழுதக்கூடாது. இந்தியிலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் திருத்தியதை நீங்கள் அடித்துக் கொடுக்காமல் அவரையே அடிக்க வையுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது தயங்கும் இடம் அவருடையது இல்லை, பழையபடி மாற்றிவிடுங்கள்.

கொடைரோடு: உதவி செய்தார்கள் என்று அவளிடம் சொல்ல வேண்டாமா?

வாசல்_திண்ணை: அது அவர் பாடு.

சிறுவாணி_தண்ணீர்: அனுப்பிவிட்டான். ‘மனம் ஒட்டுவதில்லை’, ‘இனிப்பாகிறது’ இரண்டும் இருக்கின்றன. ‘உன்னோடு’, ‘நீ இல்லாமல்’ மாற்றினான். ‘யோசித்துச் சொல்’ படிக்கும்போது தடுக்கினான், அதனால் ‘நீ சொல்’ என்றே விட்டோம். வீடு வரி இப்போது இல்லை. எல்லோருக்கும் நன்றி.

மலர்விழி: வீடு வரியை எடுத்தது அவரா, நீங்களா?