கலைச்சொல் விவாதம்: வண்ணப் படத்தைக் கருப்பு-வெள்ளையாக்கும் Mono Mixer

கலைமதி எழுதியது:
அன்புள்ள குழுவினருக்கு, கிம்ப் மென்பொருளுக்கான பயனர் கையேட்டில் Mono Mixer என்னும் கருவிக்குச் சொல் வேண்டியிருக்கிறது. வண்ணப் படத்தைக் கருப்பு-வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றும் சாம்பல் தொனியில் எவ்வளவு சேர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய உதவும் கருவி இது. Desaturate என்பதற்கு 'நிறநீக்கம்' என்று வைத்துவிட்டதால் அதை மறுபடி எடுக்க இயலாது. 'நிறவாரிச் சாம்பலாக்கம்' என்பது என் பரிந்துரை.

தணிகாசலம் எழுதியது:
'சாம்பலாக்கம்' என்றால் படத்தை எரித்துவிட்டதாகத்தான் படிப்பவர் நினைப்பார். மேலும், தனிச்சொல் எதற்கு? நம் கண் பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணர்கிறது என்பதால் சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 விழுக்காடு எடுத்துக் கூட்டுவதே சரியான முறை. அதை மென்பொருள் தானே செய்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் 'நிறநீக்கம்' போதுமானது.

வசந்தி எழுதியது:
தணிகாசலம் ஐயா சொல்லும் விகிதம் உண்மையானதுதான். ஆனால் அது பல விகிதங்களில் ஒன்று, எப்போதும் உதவுவதில்லை. செம்பருத்திப் பூவின் ஒரு புள்ளியில் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 40 என்றும், அதன் பின்னால் உள்ள இலையில் 60, 110, 45 என்றும் இருப்பதாகக் கொள்வோம். அந்த விகிதத்தில் கணக்கிட்டால் இரண்டுமே ஏறத்தாழ 88 ஆகிவிடும். அதாவது, கண்ணைப் பறித்த பூ கருப்பு-வெள்ளைப் படத்தில் இலைக்குள் கரைந்து காணாமற்போகும். சிவப்பை 70, பச்சையை 30, நீலத்தைச் சுழியம் என்று வைத்தால் பூ 152, இலை 75 என்று பிரிந்து நிற்கும். பச்சையை மட்டும் எடுத்தால் பூ 40-க்கு இறங்கி இலையைவிடக் கருத்துவிடும். ஒரே படம், மூன்று முடிவுகள், எதுவும் தவறில்லை. ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன் சிவப்பு ஃபில்டரை மாட்டி வானத்தைக் கருக்கச் செய்ததும் இதே வேலைதான். 70-30 கலவையை இமேஜ்மேஜிக் மென்பொருளைக் கொண்டு கட்டளை வரியில் இப்படிச் சோதிக்கலாம்:

```
magick poo.jpg -color-matrix "0.7 0.3 0 0.7 0.3 0 0.7 0.3 0" kv.jpg
```

கோப்பில் பதிந்துள்ள எண்களைக் கொண்டே மேலே கணக்கிட்டிருக்கிறேன். ஒளியளவுக்கு மாற்றிக்கொண்டு கணக்கிடும் மென்பொருள்களில் விடை சற்று வேறுபடும், போக்கு மாறாது.

மூன்றின் கூட்டுத்தொகை 100 ஆக இருக்கும்வரை வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். 120 ஆனால் 240 இருந்த மேகம் 288-க்குப் போக முயன்று 255-இல் முட்டி நிற்கும். மேகத்தின் மடிப்புகள் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும்.

சின்னப்பன் எழுதியது:
பழைய கருப்பு-வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் ஏற்றுவது பற்றிய பேச்சு என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன். இருந்தாலும் என் கேள்வி பொருந்தும் என்று நம்புகிறேன். மஞ்சள் படிந்த பழைய கடிதம் ஒன்றை ஸ்கேன் செய்தேன். நீல மை எழுத்துகள் மங்கலாகவே வருகின்றன. இந்தக் கருவி உதவுமா?

வசந்தி எழுதியது:
நன்றாகவே உதவும். மஞ்சளேறிய தாளில் சிவப்பு 225, நீலம் 150 என்றும், மையில் சிவப்பு 50, நீலம் 120 என்றும் இருந்தால், நீலத்தில் இரண்டுக்கும் இடைவெளி 30 மட்டுமே, சிவப்பில் 175. ஆகவே சிவப்பை மட்டும் எடுங்கள், கறையும் வெளுத்துவிடும். ஆனால் ஜேபெக்காகச் சேமித்திருந்தால் எழுத்தின் ஓரங்களில் சதுரக் கட்டங்கள் தெரியக்கூடும், ஏனெனில் அந்த வடிவம் பொதுவாக நிறத்தகவலைக் குறைத்தே சேமிக்கிறது. 200 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். கட்டங்கள் தெரிந்தால் டிஃப் கோப்பாக மறுபடி ஸ்கேன் செய்வதே நல்லது.

கலைமதி எழுதியது:
இப்போது 'நிறவாரி' என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் Black & White கருவியில் சிவப்பு, மஞ்சள், பச்சை, சியான், நீலம், மெஜந்தா என்று ஆறு ஸ்லைடர்கள் உள்ளன. மஞ்சளை நகர்த்தினால் மஞ்சள் பகுதிகளே மாறுகின்றன, நிறமற்ற சாம்பல் அசைவதில்லை. Mono Mixer அப்படியன்று. சிவப்பை நகர்த்தினால் சிவப்புக் கூறு உள்ள ஒவ்வொரு புள்ளியும் மாறும். ஆகவே 'நிறவாரி' அந்த ஆறு ஸ்லைடர் கருவிக்கே உரியது. இதற்குக் 'கருப்பு-வெள்ளைக் கலப்பி' என்று வைத்து, ஸ்லைடர்களைச் 'சிவப்பின் பங்கு' என்பது போலக் குறிக்கலாமா?

தணிகாசலம் எழுதியது:
கலப்பி சரி, எரிந்த வாடை இல்லை. ஆனால் அந்த ஸ்லைடரை எதிர்ம எண்ணுக்கும் நகர்த்த முடிகிறதே! சிவப்பு 140, நீலம் எதிர்மம் 40 என்று வைத்ததும் என் படத்தில் வானம் கருத்து, மணல்மணலாக இரைச்சலும் ஏறியது. எதிர்மப் பங்கு என்று யாரும் சொல்வதில்லை.

வசந்தி எழுதியது:
நீலத் தடத்தில்தான் பெரும்பாலும் இரைச்சல் மிகுதி. கழித்தாலும் அது கழிவதில்லை, கூடவே செய்யும். சொல்லைப் பொறுத்தவரை, கணக்கில் 'கெழு' எதிர்மத்தைத் தாங்கும், ஆனால் படம் எடுப்பவர்களுக்கு அது பழக்கமில்லை. கையேட்டில் 'பங்கு' என்றே விட்டுவிட்டு, எதிர்ம எண் வரும் பத்தியில் மட்டும் 'கழிப்பு' என்று எழுதலாம் என்பது என் கருத்து. தணிகாசலம் ஐயா ஒப்புவாரா என்று தெரியவில்லை.