ஸ்ட்ரெட்ச் மார்க் கிரீம்: பின்பக்க லேபிள் போட்டோ வேண்டும்

வணக்கம். தண்டையார்பேட்டை, ராயபுரம், எம்.சி. ரோடு பக்கம் மருந்துக்கடையிலோ ஃபேன்சி ஸ்டோரிலோ கிடைக்கும் ஸ்ட்ரெட்ச் மார்க் கிரீம் வீட்டில் இருந்தால், டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். முன்பக்கம் வேண்டாம், அங்கே விளம்பரம்தான் இருக்கும்.

கேட்பது பிரசவமாகி நான்கு மாதமான ஒரு பெண்ணுக்காக. வயிற்றுக் கோடுகள் இன்னும் சிவப்பாக இருக்கின்றன. கையில் இருக்கும் கிரீமில் தண்ணீர், கிளிசரின், கோகோ பட்டர், விட்டமின் ஈ. இது தோலை மிருதுவாக்கும், அரிப்பைக் குறைக்கும், கோட்டை அழிக்காது. கிழிவு இருப்பது தோலின் உள்ளடுக்கில், கோகோ பட்டர் வேலை செய்வது மேலடுக்கில். ஃபர்மிங் லோஷனில் வரும் காஃபீனும் அப்படித்தான், சில மணி நேரம் இறுக்கமாகத் தெரியும், அவ்வளவுதான்.

சிவப்பாக இருக்கும்போது ஓரளவு பலன் காட்டியது டிரெட்டினாயின் 0.1 சதவீதம். அது டாக்டர் சீட்டு மருந்து. கர்ப்பத்தில் கூடாது, பால் கொடுக்கும்போது கேட்காமல் தொடவும் கூடாது. வெள்ளையாகிவிட்ட கோட்டுக்குப் பூச்சு பெரிதாக எதுவும் செய்யாது.

அதனால் லேபிளில் பார்க்க வேண்டியது இரண்டு: டிரெட்டினாயின் குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினால், ரெட்டினைல் என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா? வல்லாரைச் சாறான சென்டெல்லா, ஈரம் பிடித்து வைக்கும் ஹயலுரானிக் ஆசிட் பட்டியலில் எத்தனையாவது? வாசனைப் பொருளுக்கும் பின்னால் வந்தால் பெரும்பாலும் பெயருக்குத்தான்.

ஸ்டான்லியில் தோல் பிரிவு ஓ.பி. எந்த நேரம் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.