ஏ-லைன் ஸ்கர்ட்டில் மெட்ராஸ் கட்டம் ஏன் தட்டையாகத் தெரிகிறது?

கயல்12
கடைசி வருட போர்ட்ஃபோலியோவுக்கு முழங்கால் வரை வரும் ஏ-லைன் ஸ்கர்ட் ஒன்று வரைகிறேன். ஏ3 தாள், ஒன்பது தலை உயரமுள்ள உருவம், மெட்ராஸ் கட்டத் துணி, அதே கட்டம் திரும்ப வரும் ரிப்பீட் 8 செ.மீ. ஃபோட்டோஷாப்பில் நிரப்பினால் மேசைவிரிப்பை வெட்டி ஒட்டினது போல் இருக்கிறது, கட்டமும் பெரிதாகத் தெரிகிறது. கட்டத்தின் அளவை எப்படிக் கணக்குப் போடுவது, மடிப்பில் எப்படி வளைப்பது?

லேயர்மன்னன்
இது ரொம்ப சுலபம். நிஜத்தில் ஒரு பெண் 165 செ.மீ. என்று வைத்துக்கொள், ஏ3-இல் உன் உருவம் 36 செ.மீ. இருக்கும். அதே விகிதத்தில் 8 செ.மீ. ரிப்பீட்டைச் சுருக்கினால் 1.75 செ.மீ. வரும், அதைப் போடு. மடிப்புக்கு `Filter > Distort > Displace`. உன் நிழல் லேயரை மட்டும் தனி PSD-யாகச் சேமித்து அதை மேப்பாகக் கொடுத்தால் கட்டம் தானாக வளையும். கட்டத்தின் லேயரை `Multiply`-யில் வை. பத்து நிமிட வேலை.

பென்சில்பாண்டி
அந்த 1.75-ஐப் போட்டதால்தான் கட்டம் பெரிதாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். கயல், உன் உருவத்தில் இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தை அளந்து சொல்.

கயல்12
5 செ.மீ., அண்ணா. தலை 4 செ.மீ. ஆமாம், 1.75-தான் போட்டிருந்தேன், வகுப்பிலும் உயரத்தை வைத்துத்தான் கணக்குப் போடச் சொன்னார்கள்.

பென்சில்பாண்டி
சரி. ஒன்பது தலை உருவத்தில் நாம் இழுத்து நீட்டுவது காலைத்தான், இடுப்பை யாரும் அகலமாக்குவதில்லை. அப்படியிருக்க உயரத்தின் விகிதத்தை எடுத்துக் கட்டத்துக்குப் போட்டால், கால் நீண்ட அளவுக்குக் கட்டமும் வீங்கிவிடும். 5 செ.மீ. அகலத்தில் 1.75 கட்டம் மூன்றுகூட முழுசாக அடங்காது. நிஜத் துணியில் எத்தனை வரும் என்று எண்ணிப் பார். இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. என்றால் முன்பக்கம் 48 செ.மீ. துணி, அதில் 8 செ.மீ. ரிப்பீட் ஆறு. படத்திலும் ஒரு பக்கத் தையலிலிருந்து அடுத்த பக்கத் தையலுக்குள் ஆறு தெரிய வேண்டும். விகிதம், சதவீதம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இந்த எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்.

அந்த ஆறையும் சமமாகப் பிரித்துவிடாதே. 48 செ.மீ. துணி உடம்பைச் சுற்றிப் போகிறது, நேராக நின்று பார்ப்பவனுக்கு அது ஏறத்தாழ 35 செ.மீ. அகலமாகத்தான் தெரியும். நடுவில் இருக்கும் கட்டம் முழு அளவில் தெரியும், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கும். உன் 5 செ.மீ.-க்கு நடு இரண்டும் 1.1, அதற்கடுத்த இரண்டும் 0.9, ஓரத்து இரண்டும் 0.5 என்று பென்சிலால் குறித்துக்கொள். நிழல் ஒரு பொட்டுகூட வைக்காமலே இடுப்பு உருண்டையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கத்தரிக்கோல்
கட்டத் துணிக்கு எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும் என்றுதானே கேட்கிறாய் கயல்மா? ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு ரிப்பீட் கூடுதலாக வைத்துக்கொள். பக்கத் தையலில் குறுக்குக் கோடு ஒன்றோடொன்று சேர வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். அதிலும் மெட்ராஸ் கட்டம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, சிவப்புக் கோட்டுக்கு இடது பக்கம் ஒரு நிறம், வலது பக்கம் வேறு நிறம் என்று வரும். ஒரு பீஸைத் தலைகீழாகப் போட்டு வெட்டினால் போச்சு. நெடுக்குக் கோடு பக்கத் தையலில் நேராகத் தொடராது, தொடரவும் முடியாது, ஏ-லைனில் பக்கம் சாய்வாகத்தானே வெட்டுகிறோம்.

லேயர்மன்னன்
அண்ணே, தைக்கிறதைப் பற்றி இல்லை, வரைகிறதைப் பற்றிப் பேசுகிறோம்.

பென்சில்பாண்டி
இல்லை மன்னா, அவர் கடைசியாகச் சொன்னதுதான் இந்தப் படத்துக்கே மூலம். ஏ-லைன் வரைகிறவர்களில் பாதிப் பேர் நெடுக்குக் கோடுகளை இடுப்பிலிருந்து குடைக் கம்பி மாதிரி விரித்துப் போடுவார்கள். நெய்த துணி அப்படி விரியாது. முன்பக்கம் ஒரே பீஸாக, நடுவில் நேர்நூலில் வெட்டியிருந்தால், நெடுக்குக் கோடு எல்லாம் நடுக்கோட்டுக்கு இணையாகவே இறங்கும். ஓரத்தில் ஸ்கர்ட் விரிகிற இடத்தில் புதுக் கோடுகள் பக்கத் தையலிலிருந்து முளைத்துக் கீழே வரும். இடுப்பில் ஆறு கட்டம் என்றால் விளிம்பில் எட்டோ ஒன்பதோ இருக்கும், அது விரிவைப் பொறுத்தது. கயல், உன் படத்தில் கோடுகள் விரிகின்றனவா, வெட்டுப்படுகின்றனவா?

கயல்12
விரிகின்றன. `Warp`-இல் கீழ் மூலைகளைப் பிடித்து வெளியே இழுத்திருந்தேன்.

பென்சில்பாண்டி
அப்படி இழுத்தால் கீழே கட்டமே பெரிதாகிவிடும், துணி ரப்பர் ஆகிவிடும். முதலில் கட்டத்தை இழுக்காமல் வைத்து, ஸ்கர்ட்டின் வடிவத்தில் மாஸ்க் போட்டு வெட்டு. வளைப்பதெல்லாம் அதற்கப்புறம்.

லேயர்மன்னன்
அளவு விஷயத்தில் நீங்கள் சொல்வது இருக்கட்டும். மடிப்புக்கு Displace போதும் என்றுதான் இன்னமும் சொல்வேன். டி-ஷர்ட் மாக்கப் எல்லாம் இப்படித்தான் செய்கிறோம், எந்தக் கிளையண்டும் குறை சொன்னதில்லை.

பென்சில்பாண்டி
டி-ஷர்ட் நெஞ்சில் ஒரு லோகோவுக்கு அது சரிதான், அங்கே இருப்பது வெறும் சின்னச் சுருக்கம். Displace என்ன செய்கிறது என்று பார்: மேப்பில் வெளிச்சம் எவ்வளவு என்று படித்து அதற்கேற்ப பிக்சலை நகர்த்துகிறது. நடுச் சாம்பல், அதாவது 128, இருந்தால் நகராது. ஸ்கேல் 100 வைத்தால் அதிகபட்சம் 128 பிக்சல் நகரும், எல்லோரும் அப்படியே விட்டுவிடுகிற 10-இல் 13 பிக்சல். 300 dpi ஏ3-இல் அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். 1.1 செ.மீ. கட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் நடுங்கினால் கை உதறியதுபோல் தெரியுமே தவிர மடிப்பாகத் தெரியாது. சரி, ஸ்கேலை ஏற்று என்பாய். ஏற்றினால் நிழல் விழுந்த இடமெல்லாம் கோணும். மேலே இருக்கும் கையின் நிழல் ஸ்கர்ட்டில் விழுந்திருந்தால் அங்கே துணி சமதளமாகத்தான் இருக்கும், ஆனால் கட்டம் வளைந்துவிடும். அந்த ஃபில்டருக்கு இருட்டு தெரியும், பள்ளம் தெரியாது.

இன்னொரு சிக்கல்தான் பெரியது. ஆழமான மடிப்பில் துணியின் ஒரு பகுதி உள்ளே போய் மறைந்துவிடும். குறுக்கே வரும் நிறவரிசையைக் கவனி: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வந்து மடிப்பின் விளிம்பில் நீலத்தோடு நின்றுபோகும், அந்தப் பக்கம் வெளியே வரும்போது பச்சை இருக்காது, மறுபடி சிவப்பில் ஆரம்பிக்கும், ஏனென்றால் பச்சை உள்ளே மாட்டிக்கொண்டது. Displace-இல் எதுவும் மறையாது, எல்லா நிறமும் வரிசையாக நெளிந்துகொண்டு போகும்.

கயல்12
அப்படியென்றால் கையால் எப்படிச் செய்வது?

பென்சில்பாண்டி
உன் ஸ்கர்ட்டில் விரிவு மூன்று குழலாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கீழ் விளிம்பை வரை. பார்ப்பவன் கண் ஸ்கர்ட்டுக்கு மேலே இருக்கிறது, அதனால் முன்னால் வரும் குழல் கீழே தொங்கும், பின்னால் போகும் பள்ளம் மேலே ஏறும், விளிம்பு அலையாக வரும். அந்த அலைதான் உன் கடைசிக் குறுக்குக் கோடு. அதற்கு மேல் உள்ள கோடும் அதே அலைதான், கொஞ்சம் தணிந்து. இப்படி மேலே போகப் போக அலை அடங்கி, இடுப்பருகே லேசான வளைவாக மட்டும் இருக்க வேண்டும். நெடுக்குக் கோடு குழலின் முகட்டில் நேராக இறங்கும், பள்ளத்தின் பக்கம் நெருங்கி ஒடுங்கும், விளிம்புக்குள் மறையும்.

ஃபோட்டோஷாப்பில் செய்வதானால் ஒவ்வொரு குழலையும் பள்ளத்தையும் தனித்தனி லேயராக வெட்டி, ஒவ்வொன்றிலும் கட்டத்தைத் தனியாக நிரப்பி, பள்ளத்து லேயரில் கட்டத்தை அரை ரிப்பீட்டோ முக்கால் ரிப்பீட்டோ பக்கவாட்டில் தள்ளி வைத்துவிட்டு அப்புறம் `Warp` போடு. இடுப்புப் பட்டி தனி லேயர், அதற்குத் தனிக் கோணம். துணியை 300 dpi-யில் ஸ்கேன் செய்திருந்தால் ரிப்பீட் 945 பிக்சல் இருக்கும், நடுக்கட்டம் 1.1 வர, நிரப்பும்போது பேட்டர்ன் ஸ்கேல் 14% வைத்தால் போதும். முடிந்ததும் நிழல் லேயரையும் அவுட்லைனையும் அணைத்துப் பார். கட்டம் மட்டும் இருக்கும்போதே எங்கே குழல், எங்கே பள்ளம் என்று தெரிந்தால் படம் சரி. தெரியாவிட்டால் நிழல்தான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

நூல்கண்டு
நான் இல்லஸ்ட்ரேட்டர் ஆள், பூப்பிரிண்ட்தான் அதிகம் செய்கிறேன். `Envelope Distort`-இல் மெஷ் போட்டால் உருவம் வளையும், உள்ளே இருக்கும் பூ வளையாமல் அப்படியே இருக்கும், ரொம்ப நாள் திண்டாடினேன். `Envelope Options`-இல் `Distort Pattern Fills` என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட வேண்டும். ஆனால் பூவுக்குக் கட்டம் மாதிரி இத்தனை கவனம் வேண்டாம். கோணலான கட்டத்தைக் கண் உடனே பிடித்துவிடும், பூ கொஞ்சம் சாய்ந்தால் யாருக்கும் தெரியாது. மடிப்பின் விளிம்பில் பூவைப் பாதியில் வெட்டிவிடுவேன், அதுவே மடிப்பைச் சொல்லிவிடும். இந்த அளவில் 10 செ.மீ. பூ 1.4 செ.மீ.-தான் வரும், இதழ் நரம்பெல்லாம் போட்டால் அழுக்கு மாதிரி ஆகிவிடும், இரண்டு நிறத் திட்டு போதும்.

அப்புறம், இவ்வளவு பாடுபடுவதற்கு CLO என்ற 3D ஆடை மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாமே? பேட்டர்ன் பீஸைப் போட்டு, துணிப் படத்தை மில்லிமீட்டரில் அளவு கொடுத்துவிட்டால் கட்டமும் மடிப்பும் அதுவே சரியாக வரும்.

பென்சில்பாண்டி
வரும், மறுக்கவில்லை. ஆனால் அதில் நிற்பது நிஜ அளவு அவதார், கயலிடம் கேட்டிருப்பது ஒன்பது தலை இல்லஸ்ட்ரேஷன். அவதாரை நீட்டினால் மறுபடி இதே கேள்விக்குத்தான் வருவாய்.

லேயர்மன்னன்
சரி பாண்டி அண்ணே, உங்கள் கணக்கிலேயே ஓர் இடறல் இருக்கிறது. நிஜ ஸ்கர்ட் நீளம் 60 செ.மீ., அதாவது நீளவாக்கில் ஏழரைக் கட்டம். ஒன்பது தலை உருவத்தில் இடுப்பிலிருந்து முழங்கால் 13 செ.மீ. வரும். உங்கள் 1.1 கட்டத்தைப் போட்டால் கிட்டத்தட்ட பன்னிரண்டு கட்டம். அகலத்தில் எண்ணிக்கை சரி, நீளத்தில் நாலரைக் கட்டம் அதிகம். அப்போது எந்த எண்ணிக்கையைப் "பிடித்துக்கொள்வது"?

பென்சில்பாண்டி
அகலத்தை. சதுரக் கட்டம் சதுரமாக இருக்க வேண்டும், நீட்டினால் அது வேறு துணி. நீளத்தில் கட்டம் கூடுவது காலை நீட்டியதன் விலை. நிஜ எண்ணிக்கை வேண்டுமானால் பக்கத்தில் நிஜ விகிதத்தில் வரைந்த ஃபிளாட் ஸ்கெட்ச் இருக்குமே, அங்கே ஏழரை இருக்கட்டும்.

கத்தரிக்கோல்
எனக்கு இது ஒப்பவில்லை. படத்தைப் பார்த்து ஒருவர் பன்னிரண்டு கட்டம் எண்ணி வந்து, தைத்ததில் ஏழரை இருந்தால் என்னைத்தான் கேட்பார். எனக்கு ஃபிளாட்டை யாரும் காட்டுவதில்லை, படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

நூல்கண்டு
நான் இரண்டுக்கும் நடுவில் போவேன். கட்டத்தை நெடுக்கில் மிகக் கொஞ்சமாக இழுப்பேன், பத்துக் கட்டம் வருகிற மாதிரி. யாரும் கண்டுபிடித்ததில்லை.

பென்சில்பாண்டி
ஸ்கர்ட் முழுக்கக் கட்டமாக இருக்கும்போது சதுரம் செவ்வகமானால் நான் கண்டுபிடிப்பேன்.

கயல்12
மூன்று குழலையும் தனித்தனி லேயராக வெட்டிவிட்டேன். பள்ளத்தில் கட்டத்தை நகர்த்தியதும் தட்டை போய்விட்டது. இடுப்புப் பட்டியைக் கிராஸாக வெட்டியதாகக் காட்டினால் நீளக் கணக்கு அவ்வளவு உறுத்தாது என்று தோன்றுகிறது, கட்டம் அங்கே 45 டிகிரி திரும்பிவிடும். கத்தரிக்கோல் அண்ணா, கிராஸில் வெட்டிய பட்டி நிஜத்தில் இழுத்துக்கொண்டு போகாதா?

கத்தரிக்கோல்
போகும். உள்ளே நேர்நூலில் கேன்வாஸ் ஒட்டிவிட்டால் நிற்கும். படத்தில் தாராளமாகப் போடு.