அவசரம்: ஸ்கில் கவுன்சில் அஃபிலியேஷன் திரும்பி வந்துடுச்சி

செல்வி, சுங்கை சிப்புட்:
தையல் செண்டருக்கு செக்டர் ஸ்கில் கவுன்சில்ல அஃபிலியேஷன் போட்டோம், கோர்ஸ் பொருந்தல, டீச்சருக்கு தகுதி இல்லன்னு திருப்பிட்டாங்க. டீச்சருக்கு 22 வருஷ அனுபவம், மிஷின் 12 இருக்கு, இன்னும் என்னதான் வேணும்? அடுத்த மாசம் பேட்ச் ஆரம்பிக்கணும்.

ரவி:
தங்கச்சி, நம்ம நாட்டுல அதெல்லாம் கிடையாது. மலேசியாவுல திறன் பயிற்சிய பாக்குற அரசாங்க இலாகா ஜேபிகே, அவங்ககிட்டதான் போகணும், அவங்க குடுக்குற சர்டிபிகேட் எஸ்கேஎம். விசாரிக்காம பாரம் போட்டா திரும்பித்தான் வரும், எத்தன தடவ சொல்றது.

மாலா:
செண்டர் எந்த ஊரு? கோர்ஸ் பேரு என்ன போட்டீங்க? டீச்சர்கிட்ட டிஓடி இருக்கா?

செல்வி:
மன்னிச்சிக்குங்க, செண்டர் புதுக்கோட்டையில, கொழுந்தனார் நடத்துறாரு, நான் இங்கேர்ந்து பாரம் நிரப்பிக் குடுக்குறேன். கோர்ஸ் '3 மாத தையல் எம்பிராய்டரி டிப்ளமா', சிலபஸ் நாங்களே போட்டது. டிஓடின்னா என்னக்கா?

கணேசன்:
இந்திய அரசாங்கத்தோட பிஎம்கேவிஒய் பயிற்சி ஸ்கீம்ல, இத்தன பேருக்கு சொல்லிக் குடுக்கணும்னு டார்கெட் வாங்குனாதான் கவுன்சில் சேத்துக்கும்.

மாலா:
கணேசன், அது ஸ்கீம் காசுல நடத்துறவங்களுக்கு. பிள்ளைங்க ஃபீஸ் கட்டி படிக்கிற செண்டருக்கும் அஃபிலியேஷன் உண்டு.
செல்வி, நீங்க எழுதுன சிலபஸ கவுன்சில் ஏத்துக்காது, ஏற்கனவே அங்கீகாரம் ஆன ஜாப் ரோல்ல ஒண்ணத்தான் எடுக்கணும். வீட்டுலயே துணி தைக்கிற பிள்ளைங்கன்னா செல்ஃப் எம்ப்ளாய்ட் டெய்லர், கோடு AMH/Q1947. கார்மெண்ட் கம்பெனிக்குப் போறவங்கன்னா சூயிங் மிஷின் ஆபரேட்டர், AMH/Q0301, அதுக்கு பவர் மிஷின் வேணும். உங்க 12ம் கால்ல மிதிக்கிறதுன்னா ரெண்டாவது சரிவராது. எடுக்குறதுக்கு முன்னாடி அந்த கோடு இன்னும் செல்லுபடியாகுதான்னு பாருங்க, காலாவதி ஆனதுல புது பேட்ச் போட முடியாது.
டிஓடிங்கிறது டீச்சருக்கு கவுன்சில் வெக்கிற பயிற்சியும் பரீட்சையும். 22 வருஷம் தைச்சிருந்தாலும் அந்த ஜாப் ரோலுக்கு அது இல்லாம டிரெய்னர்னு ஒத்துக்க மாட்டாங்க. எம்பிராய்டரி சேக்கணும்னா அது வேற ஜாப் ரோல், அதுக்கும் தனியா வேணும். பேட்ச் முடிஞ்சதும் வெளியேர்ந்து அசெஸ்ஸர் வந்து பரீட்சை வெப்பாரு, உங்க டீச்சர் மார்க் போட முடியாது.

பார்வதி:
என் மக சென்னையில பியூட்டி படிச்சி ஸ்கில் கவுன்சில் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தா, ஈப்போவுல கடையில எஸ்கேஎம் இருக்கான்னுதான் கேட்டாங்க. ஒரு வருஷம் வீணு.

ரவி:
நான் மொதல்லயே சொன்னேன்ல.

மாலா:
ரவி அண்ணே, நீங்க சொன்னது வேற, செண்டர் புதுக்கோட்டையில இருக்கு, அங்க வேலைக்குப் போறவங்களுக்கு அந்த சர்டிபிகேட் போதும். பார்வதி அக்கா, ரெண்டும் வேற நாட்டு ஏற்பாடு, அது இங்க தானா எஸ்கேஎம் ஆகாது. மக வேலையில இருந்தா, அனுபவத்த காட்டி பிபிடி வழியா எஸ்கேஎம் எடுக்கலாம், ஜேபிகேல கேளுங்க.

ரவி:
பிபிடிக்கு எத்தன வேலை ஆதாரம் சேக்கணும் தெரியுமா? ஒழுங்கா செண்டர்ல படிச்சிட்டுப் போறதே மேல்.

மாலா:
வேலைய விட்டுட்டு படிக்க அந்த பிள்ளைக்கு யாரு சோறு போடுவா அண்ணே?

செல்வி:
மாலாக்கா நன்றி. எம்பிராய்டரிய எடுத்துட்டோம், டீச்சர் டிஓடிக்கு பேரு குடுத்துட்டாங்க, பேட்ச் தள்ளிப் போச்சு. ஏற்கனவே படிச்சி முடிச்ச 30 பேருக்கு இந்த சர்டிபிகேட் கிடைக்குமா?

மாலா:
பழைய பேட்ச்சுக்கு கிடைக்காது. ஆர்பிஎல்னு ஒண்ணு இருக்கு, தெரிஞ்ச வேலைய அளந்து பாத்து சர்டிபிகேட் குடுக்குறது. அங்க இப்ப நடக்குதான்னு கொழுந்தனார கேக்கச் சொல்லுங்க.