தேயிலைத்தூளில் ஐ.எஸ். பரப்பு 18 சதவீதம்தான் வருகிறது, முடிவை அனுப்பலாமா?

பனிமலர், நுவரெலியா
தேயிலைத்தூளில் எம்.சி.பி.ஏ. என்ற களைக்கொல்லியின் எச்சத்தைப் பார்க்கிறோம். 2 கிராம் தூளைத் தண்ணீரில் ஊறவைத்து, 10 மில்லி அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்கி, சிட்ரேட் உப்புப் போட்டு, கடைசியில் பி.எஸ்.ஏ. தூளால் சுத்தம் செய்கிறோம். மூன்று டியூட்டீரியம் உள்ள எம்.சி.பி.ஏ. 20 நானோகிராமை ஒப்பிட்டுப் பார்க்கும் உள் நியமமாக, அதாவது ஐ.எஸ். ஆக, ஆரம்பத்திலேயே தேயிலையில் விடுகிறோம். வெறும் கரைப்பானில் ஐ.எஸ். உச்சியின் பரப்பு 42,000. தேயிலையில் 7,500தான். விகிதத்தை வைத்துப் பார்த்தால் 0.0072 மி.கி./கி.கி. வருகிறது. வாங்குபவரின் எல்லை 0.01. அனுப்பலாமா?

தாமோ
தாராளமாக அனுப்பலாம். ஐ.எஸ். போடுவதே இதற்குத்தானே. தேயிலையில் கஃபீனும் பொலிபீனோலும் நிறைய. அவை அயனியாவதை அமுக்கும் என்பது தெரிந்த கதை. ஐ.எஸ். எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவே மருந்தும் அமுங்கும். உங்களுக்குத் தேவை இரண்டுக்கும் உள்ள விகிதம். பரப்பு 7,500 ஆனால் என்ன, 750 ஆனால் என்ன?

மகாவலி
தாமோ, விகிதம் பற்றிச் சொன்னது சரி, காரணம் சரியில்லை என்று நினைக்கிறேன். 18 சதவீதம் முழுவதும் அமுங்கலால் வந்ததென்று எப்படித் தெரியும்? எம்.சி.பி.ஏ. ஒரு கார்பொக்சிலிக் அமிலம். பி.எஸ்.ஏ. அமிலங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அமீன். தேயிலையின் அமிலங்களை அகற்றத்தான் அதைப் போடுகிறோம், அது நம்முடைய மருந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது.

தங்கச்சி, ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். அதே தேயிலையை ஐ.எஸ். இல்லாமல் கடைசி வரை தயாரித்து, கருவியில் வைக்கும் குப்பியில் ஊற்றிய பிறகு மில்லிக்கு 2 நானோகிராம் வரும்படி ஐ.எஸ். சேர்த்து ஓட்டுங்கள். இதற்கு மருந்தே இல்லாத தேயிலையைத் தேடி அலையத் தேவையில்லை. டியூட்டீரியம் போட்ட மருந்து எந்தத் தோட்டத்திலும் இருக்காது. கடைசியில் சேர்த்ததன் பரப்பைக் கரைப்பானோடு ஒப்பிட்டால் அமுங்கல் தெரியும். ஆரம்பத்தில் சேர்த்ததை இதோடு ஒப்பிட்டால் வழியில் எவ்வளவு போனது என்று தெரியும்.

ஊவா தோட்டம்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஆய்வுகூடத்து ஆள் இல்லை, தோட்டத்தில் வேலை. 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்த பிறகு எங்கள் பக்கத்தில் புல்லுக்கு எம்.சி.பி.ஏ. அடித்தார்கள். பிறகு ஒரு லொட் தூள் 0.01க்கு மேல் என்று திரும்பி வந்தது. இப்போது இதைப் படித்தால், சோதிப்பவர்களே அந்த மருந்தைத் தூளில் ஊற்றுகிறார்கள் என்று இருக்கிறது. அதுவும் சேர்ந்துதான் கணக்கில் வருகிறதா? அப்படியென்றால் எங்களுக்குப் பெரிய அநியாயம்.

மகாவலி
இல்லை ஐயா, சேராது. ஆனால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கருவி முதலில் எடை பார்த்து ஒரு அயனியை மட்டும் உள்ளே விடும். அதை உடைத்து, துண்டின் எடையையும் பார்த்த பிறகுதான் எண்ணும். தோட்டத்து மருந்து `199 → 141` என்ற பாதையில் வரும். நாங்கள் சேர்ப்பதில் மூன்று ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியம் இருப்பதால் அது `202 → 144`. வளையத்தில் உள்ள மீதைல் குழுவில் அந்த மூன்றும் இருப்பதால் உடைந்த துண்டிலும் தங்கிவிடுகின்றன.

ஐ.எஸ். போத்தலிலேயே டியூட்டீரியம் இல்லாத மருந்து கொஞ்சம் கலந்திருக்கலாம், அதைத்தான் பார்க்க வேண்டும். ஐ.எஸ். மட்டும் தனியாக ஓட்டி `199 → 141` இல் ஏதும் எழும்புகிறதா என்று பார்ப்போம். அரை சதவீதம் கலந்திருந்தாலும் 20 நானோகிராமில் அது 0.1 நானோகிராம். 2 கிராம் தூளுக்கு 0.00005 மி.கி./கி.கி. ஆகும். உங்கள் லொட் திரும்பியதற்கு அது காரணமாக இருக்க முடியாது.

பனிமலர், நுவரெலியா
அண்ணா சொன்னபடி ஓட்டினேன். கடைசியில் சேர்த்தது 31,000. கரைப்பானோடு பார்த்தால் 74 சதவீதம், அமுங்கல் கால்வாசிதான். ஆனால் 31,000க்கு எதிரே ஆரம்பத்தில் சேர்த்த 7,500 வெறும் 24 சதவீதம். முக்கால்வாசி வழியிலேயே போயிருக்கிறது.

அதே தூளில் இன்னும் இரண்டு தடவை எடுத்தேன். முதலில் 0.0072, பிறகு 0.0049, அடுத்தது 0.0091. உறுதிப்படுத்தும் பாதை `201 → 143` மூன்றில் ஒன்றில்தான் அயனி விகித எல்லைக்குள் வந்தது. மற்ற இரண்டிலும் உச்சி எது, இரைச்சல் எது என்றே பிரிக்க முடியவில்லை.

மகாவலி
இதுதான் விஷயம். இரண்டும் ஒரே அளவில் தொலைவதால் விகிதம் பக்கச்சாய்வைத் திருத்திவிடும். தொலைந்த சிக்னலை அது திருப்பித் தராது. ஐ.எஸ். நிறைய இருப்பதால் 7,500லும் நல்ல உச்சி தெரியும். மருந்து ஏற்கனவே குறைவு, அதில் முக்கால்வாசி போனால் இரைச்சலின் பக்கத்தில் போய் நிற்கும். அதிலும் `201` என்பது கனமான குளோரின் உள்ள மூலக்கூறு. இயற்கையில் அது சாதாரண குளோரினின் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் முதலில் மறைவது அதுவே.

பி.எஸ்.ஏ. போடாமல் விடுங்கள். உப்புப் போட்டுச் சுழற்றிய பிறகு மேலே நிற்கும் அசிட்டோநைட்ரைலை நேரே எடுத்து, வடிகட்டி ஓட்டுங்கள்.

தாமோ
சுத்தம் செய்யாத தேயிலைச் சாறு என்ன நிறம் என்று தெரியும்தானே? நாள் முழுவதும் அதை ஓட்டினால் கருவியின் வாயில் பழுப்பாகப் படியும். அப்புறம் கழுவுவது யார்?

மகாவலி
எம்.சி.பி.ஏ. வெளிவரும் ஒரு நிமிடத்துக்கு மட்டும் ஓட்டத்தைக் கருவிக்குள் விட்டு, மற்ற நேரம் வால்வைக் கழிவுக்குத் திருப்பி வையுங்கள். கழுவ வேண்டித்தான் வரும், அதை மறுக்கவில்லை.

பனிமலர், நுவரெலியா
செய்தேன். சாறு பிளேன்டீ நிறத்தில் இருந்தது. கடைசியில் சேர்த்தது 27,000, ஆகவே அமுங்கல் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் சேர்த்தது 24,000, மீட்பு 89 சதவீதம். மூன்று தடவையும் 0.0071, 0.0069, 0.0073. உறுதிப்படுத்தும் பாதை மூன்றிலும் எல்லைக்குள்.

தாமோ
முந்திய மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சராசரி 0.0071. இப்போதும் 0.0071. விகிதம் பொய் சொல்லவில்லை என்றுதானே நானும் சொன்னேன்?

மகாவலி
மூன்று எடுத்ததால் சொல்லவில்லை. வேலை அவசரத்தில் ஒன்று மட்டும் எடுத்து, அது 0.0091 ஆக இருந்திருந்தால்? நிச்சயமின்மையோடு பார்த்தால் அந்தத் தூள் எல்லையைத் தாண்டியது என்று ஒருவர் வாதிடலாம்.

சிவனொளி
எனக்கு வேறு கவலை. 89 சதவீதம் என்பது நீங்கள் ஊற்றிய ஐ.எஸ். திரும்பி வந்த அளவு. அது தூளின் மேல் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தோட்டத்தில் அடித்தது செடிக்குள் போய், சீனியோடும் மற்றதோடும் பிணைந்திருக்கலாம். அந்தப் பிணைப்பை ஐ.எஸ். அறியாது, `199 → 141` உம் காட்டாது. ஐரோப்பியர்கள் எஸ்டரையும் பிணைந்ததையும் சேர்த்துத்தான் எம்.சி.பி.ஏ. என்று கணக்கிடுகிறார்கள். அங்கே போகும் தூளென்றால் காரத்தில் பிரித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தாமோ
வாங்குபவர் அதைக் கேட்டாரா? கேட்காததைச் செய்து, பழைய முடிவுகளோடு ஒப்பிட முடியாத எண்ணைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பனிமலர், நுவரெலியா
அவரிடம் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் இல்லை. அதற்கிடையில் இதே தூளை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் சோடியம் ஹைட்ரொக்சைட்டில் வைத்துப் பார்க்கிறேன். சிவனொளி, ஐ.எஸ்.ஐ காரத்துக்கு முன்பு விடவா, நடுநிலையாக்கிய பிறகு விடவா?

சிவனொளி
முன்பு. பிறகு விட்டால் காரத்தில் தொலைவது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.